திரைவாசிப்பான்வழிக் கணினி இயக்கமும் குவிய வரிசையும்: ஒரு தமிழ்ப் படிவத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பார்வையற்றோர் கணினியை விசைப்பலகையாலும் செவியாலும் இயக்குகின்றனர். கண்ணால் காண்போர்க்குப் பக்கமாகத் தோன்றுவது அவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையாகவே கிடைக்கிறது. அவ்வரிசை பிழைபட்டால் பணி தடைபடுவதோடு முடிவதில்லை. பயனர் அறியாமலே அவர் பெயரில் தவறான செய்தி பதிவாகிவிடவும் கூடும். கன்னியாகுமரி மாவட்டத்தின் வட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் மாதிரிப் படிவம் ஒன்றைக் கொண்டு இச்சிக்கலையும், அதனைக் கண்டறியும் முறையையும், திருத்தும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திரைவாசிப்பான், குவியம், குவிய வரிசை, உலாவு முறை, விசைக் கட்டளை, தமிழ்ப் படிவம்

முன்னுரை

சுட்டியை நகர்த்துவதற்கு அதன் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்பதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பார்வையற்றவர்க்குச் சுட்டி பெரிதும் பயன்படுவதில்லை. விசைப்பலகையின் நிலை வேறு. ஒவ்வொரு விசைக்கும் மாறாத இடம் உண்டு. விரல் அதனை அறியும். விசையை அழுத்தியதன் விளைவைச் சொல்ல ஒரு குரல் இருந்தால் போதும். அக்குரலைத் தருவதே திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். தமிழ்நாட்டு மாணவரிடையே அறியப்பட்டவை இரண்டு. ஒன்று, டெட் ஹென்டர் 1989இல் டாஸ் இயங்குதளத்திற்காக வெளியிட்டுப் பின்னர் விண்டோசுக்கும் கொண்டுவந்த ஜாஸ். இது விலை கொடுத்து வாங்க வேண்டியது. மற்றொன்று, ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி ஜேம்ஸ் டே உடனிணைந்து வளர்த்த என்.வி.டி.ஏ. இது கட்டணமற்றது, திறந்த மூலநிரல் கொண்டது, தமிழ் இடைமுகமும் உடையது. இதனுடன் வரும் ஈஸ்பீக் என்.ஜி. பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கும். அதன் குரல் இயந்திரத்தன்மை மிக்கது. ஆயினும் விரைந்து கேட்கப் பழகியவர் அதனையே விரும்புவதுண்டு. இக்கட்டுரையின் கட்டளைகள் என்.வி.டி.ஏ.வுக்கு உரியவை.

வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டார்க்கு ஒன்று எளிதில் விளங்கும். கேட்பவர்க்குக் கதை, பாடுவோர் சொல்லும் வரிசையில் மட்டுமே வந்து சேரும். அடுத்து வருவதை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள இயலாது. திரைவாசிப்பானின் பயனர்க்கும் இணையப்பக்கம் அவ்வாறே வருகிறது. வேறுபாடு, இவர் வரிசையைத் தாவவும் பின்செல்லவும் கூடும். அத்தாவலுக்குரிய விசைகளே கட்டளைகள்.

இரு சுட்டிடங்கள்

புதிதாகக் கற்பவரை முதலில் குழப்புவது, திரையில் ஒரே நேரத்தில் இரண்டு ‘இடங்கள்’ இருப்பதுதான். முதலாவது குவியம். விசைப்பலகையில் தட்டுவது எந்த உறுப்பைச் சென்றடையுமோ, அவ்வுறுப்பில் குவியம் நிற்கிறது எனலாம். `Tab` விசை குவியத்தை அடுத்த உறுப்புக்கும், `Shift+Tab` முந்தைய உறுப்புக்கும் கொண்டுசெல்லும். இணைப்பு, பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, கீழ்விரி பட்டியல் ஆகிய இயக்கத்தக்க உறுப்புகளில் மட்டுமே குவியம் நிற்கும். வெறும் பத்தியில் நிற்காது. எனவே `Tab` விசையை மட்டும் அழுத்திச் செல்பவர், படிவத்தின் இடையே எழுதப்பட்டுள்ள விளக்கங்களைக் கேளாமலே கடந்துவிடுவார்.

இரண்டாவது, படிக்குமிடம். திரைவாசிப்பான் பக்கம் முழுவதையும் நேர்கோட்டு உரையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அவ்வுரைமீது கீழ் அம்புவிசை வரிவரியாகவும், வல அம்புவிசை எழுத்தெழுத்தாகவும் நகரும். இவ்வாறு படிக்கும் நிலைக்கு உலாவு முறை என்று பெயர். இந்நிலையில் ஒற்றை எழுத்து விசைகள் தாவுவதற்குப் பயன்படுகின்றன. `H` அடுத்த தலைப்புக்கும், `K` அடுத்த இணைப்புக்கும், `F` அடுத்த படிவ உறுப்புக்கும், `E` அடுத்த உள்ளீட்டுப் பெட்டிக்கும், `C` அடுத்த கீழ்விரி பட்டியலுக்கும், `B` அடுத்த பொத்தானுக்கும் இட்டுச்செல்லும். இவற்றுடன் `Shift` சேர்ந்தால் பின்னோக்கிச் செல்லும். `Insert+F7` அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள், தலைப்புகள் முதலியன தனிப் பட்டியலாகத் திறக்கும். நீண்ட கட்டுரையில் வேண்டிய பகுதியை அடைய இதைவிட விரைவான வழி இல்லை. `Insert`+கீழ் அம்பு தொடர்ந்து படிக்கச்செய்யும். `Ctrl` பேச்சை நிறுத்தும். என் கருத்தில் புதியவர் முதலில் கற்கவேண்டியது இந்த `Ctrl` விசையைத்தான். பேச்சை நிறுத்தத் தெரியாதவர்க்கு மற்றக் கட்டளைகள் மனத்தில் நிற்பதில்லை.

உள்ளீட்டுப் பெட்டியில் எழுத வேண்டுமானால் எழுத்துகள் கட்டளையாகாமல் எழுத்தாகவே செல்ல வேண்டும். அதற்குரிய நிலை குவிய முறை. `Tab` மூலம் பெட்டியை அடைந்தால் என்.வி.டி.ஏ. தானாகவே குவிய முறைக்கு மாறும். மாறியதைக் குறுகிய ஓர் ஒலியால் அறிவிக்கும். `E` விசையால் தாவி அடைந்தால் இயல்பமைப்பில் மாறாது. `Enter` அழுத்த வேண்டும். `Insert+Space` இரு முறைகளையும் மாற்றி மாற்றித் தரும். `Esc` மீண்டும் உலாவு முறைக்குக் கொண்டுவரும்.

இவ்வேறுபாட்டைக் கவனியாதவர்க்கு நேர்வதைக் காண்போம். `E` விசையால் ஊர்ப் பெட்டிக்குத் தாவிய ஒருவர், `Enter` அழுத்தாமல் `kalkulam` என்று தட்டுகிறார். முதல் எழுத்தான `k` அவரை அடுத்த இணைப்புக்குக் கொண்டுபோய்விடும். `l` அடுத்த பட்டியலைத் தேடும். பெட்டியில் ஓர் எழுத்தும் பதியாது; அவரோ பக்கத்தின் அடியில் எங்கோ நிற்பார். தட்டும்போது எழுத்தின் பெயருக்கு மாறாக ‘இணைப்பு’, ‘பட்டியல்’, ‘அடுத்தது இல்லை’ போன்ற சொற்கள் கேட்டால் உலாவு முறையில் இருக்கிறோம் என்று உடனே அறிந்துகொள்ளலாம். எங்கே நிற்கிறோம் என்பதை அறிய `Insert+Tab` உதவும். குவியம் நிற்கும் உறுப்பின் பெயரையும் வகையையும் அது சொல்லும்.

வரிசை எங்கிருந்து வருகிறது?

குவியம் செல்லும் வரிசையும் படிக்குமிடம் செல்லும் வரிசையும் திரைத்தோற்றத்திலிருந்து பிறப்பவை அல்ல. பக்கத்தின் மூலநிரலில் உறுப்புகள் எவ்வரிசையில் எழுதப்பட்டுள்ளனவோ அதுவே இரண்டுக்கும் அடிப்படை. தோற்றத்தை அமைக்கும் பாணித்தாள் ஓர் உறுப்பை மேலிருந்து கீழுக்கும் இடமிருந்து வலத்துக்கும் மாற்றிக் காட்டலாம். மூலநிரல் வரிசை மாறாது. கண்ணுக்கு ஒரு வரிசை, செவிக்கு வேறொரு வரிசை என்னும் முரண் இங்கேதான் தோன்றுகிறது. இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு (2.0), 2.4.3 என்னும் எண்ணில் குவிய வரிசைக்குத் தனி விதி வகுத்துள்ளது. உறுப்புகளைக் கடந்துசெல்லும் வரிசை பொருளுக்கும் பணிக்கும் முரணாக இருத்தலாகாது என்பது அதன் சாரம். வரிசை திரைத்தோற்றத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று அவ்விதி கோரவில்லை என்பது கருதத்தக்கது. பெயரும் கைப்பேசி எண்ணும் இடம் மாறி வந்தால் பொருள் கெடாது. ஒன்றையொன்று சார்ந்த உறுப்புகள் மாறி வந்தால் கெடும்.

மாதிரிப் படிவம்

இதனை ஆராய, நூலக உறுப்பினர் விண்ணப்பம் போன்ற மாதிரிப் படிவம் ஒன்று இக்கட்டுரைக்காக எழுதப்பட்டது. அதில் பெயர், வட்டம், ஊர், ‘அனுப்பு’ என்னும் பொத்தான் ஆகியவை உள்ளன. வட்டப் பட்டியலில் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களும் அகரவரிசையில் இருக்கின்றன: அகத்தீஸ்வரம், கல்குளம், கிள்ளியூர், திருவட்டார், தோவாளை, விளவங்கோடு. வட்டத்தைத் தேர்ந்தால்தான் ஊர்ப் பட்டியல் நிரம்பும். தோவாளையைத் தேர்ந்தால் பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி முதலிய ஊர்கள் அதில் தோன்றும். அரசுப் படிவங்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பே இது.

வட்டம், ஊர் ஆகிய இரண்டும் முதலில் இவ்வாறு எழுதப்பட்டன:

```html
<div style="display:flex; flex-direction:column-reverse">
  <p><label for="oor">ஊர்</label>
     <select id="oor"></select></p>
  <p><label for="vattam">வட்டம்</label>
     <select id="vattam"></select></p>
</div>
```

`column-reverse` என்னும் கட்டளை இரண்டையும் தலைகீழாக்கிக் காட்டுவதால், திரையில் வட்டம் மேலேயும் ஊர் கீழேயும் தெரிகின்றன. காண்பவர்க்குக் குறையேதும் இல்லை. செவிவழி வருபவர் பெயரை எழுதி `Tab` அழுத்தியதும் முதலில் கேட்பது ‘ஊர், கீழ்விரி பட்டியல்’ என்பதே. கீழ் அம்பை அழுத்துகிறார். பட்டியலில் ஒன்றும் இல்லை. பட்டியல் பழுது என்று கருதியோ, பின்னர் நிரப்பலாம் என்று எண்ணியோ மேலே செல்கிறார். அடுத்த `Tab` வட்டத்துக்குச் செல்கிறது. தோவாளையைத் தேர்கிறார். அந்நொடியில் ஊர்ப் பட்டியல் நிரம்புகிறது. ஆனால் அது அவருக்குப் பின்னால், அவர் கடந்துவந்த இடத்தில் நிகழ்கிறது. எந்த ஒலியும் எழுவதில்லை. நிரல் பட்டியலை நிரப்பும்போது முதல் ஊரைத் தானாகத் தேர்ந்துவைத்தால் நிலைமை மேலும் மோசமாகிறது. உலாவிகளில் கீழ்விரி பட்டியலின் இயல்பே அதுதான். அவர் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும், ஆரல்வாய்மொழிக்காரர் பூதப்பாண்டிக்காரராகப் பதிவாகிவிடுவார். பிழைச்செய்தி வராது; பிழை நடந்ததே ஒருவர்க்கும் தெரியாது. உதவித்தொகை விண்ணப்பத்தில் இவ்வாறு நேர்ந்தால் அதன் விளைவு சில திங்கள் கழித்தே தெரியவரும்.

திருத்தம் என்ற பெயரில் வரும் கேடு

இக்குறையைச் சுட்டினால் நிரலாளர் பலர் உடனே நாடுவது `tabindex` என்னும் பண்பு. வட்டத்துக்கு `tabindex="1"`, ஊருக்கு `tabindex="2"` என எண் கொடுத்தால் வரிசை சரியாகிவிடும் என்பது அவர்கள் கணிப்பு. மாதிரிப் படிவத்தில் அவ்வாறே செய்து பார்த்தபோது இரு புதிய குறைகள் தோன்றின. நேர்ம எண் பெற்ற உறுப்புகள், எண் பெறாத அனைத்துக்கும் முன்னதாகக் குவியத்தைப் பெறும் என்பது விதி. எனவே பக்கம் திறந்ததும் முதல் `Tab` நேரே வட்டத்துக்குச் சென்றது. பின்னர் ஊர், அதன்பின் பக்கத்தின் உச்சிக்குத் திரும்பி முகப்பு இணைப்புகள், அவற்றுக்குப் பிறகே பெயர். இரண்டாவது குறை நுட்பமானது. `tabindex` குவியத்தின் வரிசையை மட்டுமே மாற்றும். அம்புவிசையால் படிக்கும் வரிசையை மாற்றாது. ஆகவே `Tab` வழிச் செல்பவர்க்கு வட்டம் முதலிலும், அம்புவிசை வழிப் படிப்பவர்க்கு ஊர் முதலிலும் வந்தன. ஒரே படிவம் ஒரே மனிதர்க்கு இருவேறு வரிசையில் ஒலித்தால் அவர் மனத்தில் அப்பக்கத்தின் வரைபடம் உருவாகாது.

உண்மையான திருத்தம் மிக எளியது. `column-reverse` என்பதை நீக்கிவிட்டு, வட்டத்துக்குரிய பத்தியை ஊருக்குரிய பத்திக்கு மேலே வைத்தால் போதும். ஊர்ப் பட்டியலின் முதல் இடத்தில் ‘ஊரைத் தேர்க’ என்னும் மதிப்பற்ற வரியை வைத்து, அதனைத் தேராமல் அனுப்ப இயலாதவாறு செய்தால், தானாகப் பதியும் பிழையும் நீங்கும். அனுப்புகையில் பிழை இருந்தால் செய்தியைச் சிவப்பு எழுத்தில் பக்கத்தின் தலையில் காட்டுவது போதாது. அது செவிக்கு எட்டாது. செய்தி தோன்றும் உறுப்புக்கு `role="alert"` என்ற பண்பு இருந்தால் திரைவாசிப்பான் அதனை உடனே சொல்லும். குவியத்தையும் பிழையுள்ள பெட்டிக்கே கொண்டுசென்றால் பயனர் தேடி அலைய வேண்டியதில்லை.

அகத்தீஸ்வரத்தைக் கடக்க முடியாத விளவங்கோட்டார்

வரிசை சரியாக இருந்தும் வரும் இடர் ஒன்றுண்டு. வட்டம் மாறியதும் பக்கத்தையே புதிதாக ஏற்றும்படியோ, குவியத்தை ஊர்ப் பட்டியலுக்குத் தள்ளும்படியோ சில படிவங்கள் எழுதப்படுகின்றன. சுட்டியால் விளவங்கோட்டைச் சொடுக்குபவர்க்கு மாற்றம் ஒருமுறைதான் நிகழ்கிறது. மூடிய பட்டியலில் கீழ் அம்பை அழுத்துபவர்க்கோ விண்டோசில் ஒவ்வோர் அழுத்தமும் ஒரு மாற்றமாகும். முதல் அழுத்தத்திலேயே அகத்தீஸ்வரம் தேர்வாகிறது. உடனே பக்கம் புதிதாக ஏறுகிறது, அல்லது குவியம் வெளியே தள்ளப்படுகிறது. விளவங்கோட்டை அடைய அவர் ஒவ்வொரு வட்டத்திலும் ஒருமுறை தள்ளப்பட்டுத் திரும்பி வர வேண்டும். பலர் அகத்தீஸ்வரத்தோடு கைவிட்டுவிடுவர்.

பயனர் தம் அளவில் இதனைக் கடக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, குவியம் பட்டியலில் நிற்கும்போது `Alt`+கீழ் அம்பு அழுத்திப் பட்டியலைத் திறந்துகொள்வது. திறந்த பட்டியலில் அம்புவிசையால் எத்தனை வரி நகர்ந்தாலும் தேர்வு உறுதியாவதில்லை. `Enter` அழுத்தும்போதே உறுதியாகும். இக்கட்டளையைச் சொல்லிக்கொடுக்காத கணினிப் பயிற்சி குறையுடையது என்றே கூறுவேன்.

மற்றொரு வழி, முதலெழுத்தைத் தட்டித் தாவுவது. இங்கே தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. பட்டியல் தமிழில் இருந்தால் விசைப்பலகையும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கில நிலையில் `v` அழுத்தினால் ஒன்றும் நிகழாது. தமிழ்99 அமைப்பில் அதே `v` விசை ‘வ’ என்னும் எழுத்தைத் தரும். ஒருங்குறியில் ‘வி’ என்பது ‘வ’ என்னும் குறியும் இகரக் குறியும் சேர்ந்த தொடர். ஆதலால் ‘வ’ மட்டுமே தட்டினாலும் விளவங்கோடு பொருந்திவிடும். வகரத்தில் தொடங்கும் வட்டம் வேறில்லை. தோவாளைக்கோ இவ்வளவு எளிதன்று. `l` அழுத்தி ‘த’ வந்ததும் திருவட்டார் முதலில் பொருந்தும். இடைவிடாது `x` அழுத்தி ‘தோ’ ஆனபின்னரே தோவாளை வரும். மெல்லத் தட்டுபவர் திருவட்டாரில் நின்றுவிடுவார். கல்குளத்துக்கும் கிள்ளியூருக்கும் இடையிலும் இந்நிலை உண்டு: `h` கல்குளத்தைத் தரும், விரைந்து `h`, `s` அழுத்தினால் கிள்ளியூர் வரும். இவ்விடங்களில் பட்டியலைத் திறந்துகொண்டு செல்வதே பாதுகாப்பானது.

இவ்வழிகள் அனைத்தும் பட்டியல் ஒருங்குறியில் அமைந்திருந்தால் மட்டுமே பயன்தரும். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, பாமினி எழுத்துருவானால் உள்ளே `mk;kh` என்று இருக்கும். திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளையே ஒலிக்கும். தாவலும் தேடலும் அதில் இயலா. ஒருங்குறியில் இருந்தாலும் பக்கத்தின் தலையில் `lang="ta"` என்று குறித்திருந்தால்தான் பேச்சுப்பொறி தமிழ்க் குரலுக்குத் தானாக மாறும்.

அனுப்புமுன் சரிபார்த்தல்

படிவத்தின் தரம் பயனர் கையில் இல்லை. ஆகவே குறையுள்ள படிவத்தையும் பிழையின்றி நிரப்பும் முறை ஒன்று அவருக்கு வேண்டும். `Tab` வழியே நிரப்புக. அம்புவிசை வழியே சரிபார்க்க. எல்லாவற்றையும் நிரப்பியபின் ‘அனுப்பு’ பொத்தானில் குவியம் நிற்கும்போது `Enter` அழுத்தாமல் உலாவு முறைக்குச் செல்ல வேண்டும். பொத்தானை அடைந்ததும் என்.வி.டி.ஏ. பெரும்பாலும் அம்முறைக்குத் தானே திரும்பியிருக்கும். ஐயமிருப்பின் `Esc` அழுத்தலாம். பின் `Ctrl+Home` பக்கத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுசெல்லும். அங்கிருந்து `F` அழுத்தி முதல் படிவ உறுப்பை அடைந்து, கீழ் அம்பால் வரிவரியாகக் கேட்க வேண்டும். அப்போது பெட்டியின் பெயர் மட்டுமன்றி அதில் இப்போதுள்ள மதிப்பும் ஒலிக்கும். மேற்கண்ட மாதிரிப் படிவத்தில் ‘ஊர், பூதப்பாண்டி’ என்று கேட்கும் ஆரல்வாய்மொழிக்காரர் அங்கேயே பிழையை உணர்ந்துவிடுவார். `Tab` கடந்துவிட்ட விளக்கவுரைகளும் இச்சுற்றில்தான் காதில் விழும். நான்கு உறுப்புகள் கொண்ட படிவத்துக்கு இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நாற்பது உறுப்புகள் கொண்ட படிவத்துக்கு நெடுநேரம் ஆகும். அந்நேரத்தைக் காண்பவர் செலவிடுவதில்லை.

படிவத்தை உருவாக்குவோர் சோதிக்கும் முறையும் இதன் மறுபக்கமே. சுட்டியை அகற்றிவிட்டுப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து `Tab` அழுத்திச் சென்று, குவியம் நின்ற உறுப்புகளைத் தாளில் வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து என்.வி.டி.ஏ.வை இயக்கி, அதன் கருவிகள் பட்டியலிலுள்ள பேச்சுக் காட்டியைத் திறந்தால், ஒலிப்பவை அனைத்தும் எழுத்தாகவும் தெரியும். அம்புவிசை வழிப் படித்த வரிசையை முதல் தாளோடு ஒப்பிட்டால் இரு வரிசைகளும் எங்கே பிரிகின்றன என்பது புலப்படும். `Tab` அழுத்தியும் திரையில் எந்த உறுப்பும் சுட்டப்படாத இடம் வந்தால், கண்ணுக்கு மறைத்தும் வரிசையிலிருந்து நீக்காத பட்டி ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு பகுதியை விட்டுக் குவியம் வெளியேறாவிடில் அது விசைப்பொறி; 2.1.2ஆம் விதி அதனைத் தடுக்கிறது. எந்த உறுப்பைச் சுட்டியால் சொடுக்க முடிந்தும் `Tab` தொடவில்லையோ, அது பெரும்பாலும் `<div>` கொண்டு வரையப்பட்ட போலிப் பொத்தானாக இருக்கும். அதனை `<button>` என்று எழுதினாலே குவியமும் `Enter` இயக்கமும் பெயரறிவிப்பும் தாமாக வந்துவிடும்.

மாதிரிப் படிவத்தின் திருத்திய வடிவில், பெயர், வட்டம், ஊர், அனுப்பு என்னும் நான்கும் இரு வழிகளிலும் ஒரே வரிசையில் ஒலித்தன. வட்டத்தைத் தேராமல் ஊருக்குச் சென்றபோது ‘ஊரைத் தேர்க’ என்ற ஒரு வரி மட்டுமே கேட்டது. அப்படியே அனுப்ப முயன்றபோது பிழைச்செய்தி ஒலித்தது. குவியம் ஊர்ப் பட்டியலில் வந்து நின்றது.